டிவி மாட்டிய சுவர்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்ய ஓனர் முதலில் கைகாட்டுவது சுவரில் இருக்கும் ஓட்டைகளைத்தான். வானூர் பக்கம் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் குடியிருந்த நண்பர் போன மாதம் விழுப்புரத்துக்கு மாறினார். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்காகப் போட்ட நான்கு ஓட்டைகளை நாங்களே அடைத்தோம்.

சோப்பையோ பற்பசையையோ திணித்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. சோப்பின் மேல் பெயிண்ட் பிடிக்காது. பற்பசை காய்ந்ததும் சுருங்கிப் பள்ளம் விழும்.

முதலில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை எடுக்க வேண்டும். பழைய ஸ்குரூவை அதில் நாலு சுற்று மட்டும் ஏற்றி, கட்டிங் பிளேயரால் நேராக இழுத்தால் பிளக் கூடவே வரும். அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். சுற்றியுள்ள பூச்சே பெயர்ந்து விழும். ஆணி முனையால் தட்டி அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

அடுத்தது ஆழம். டிவி ஸ்டாண்டு ஓட்டை ஐந்து சென்டிமீட்டர் வரை போகும். பட்டி என்பது சுவர்மேல் மெல்லிசாக இழுப்பதற்கான பொருள். அதையே முழுக்க அடைத்தால் வெடிக்கும். எனவே தூசியை ஊதி எடுத்து, உள்ளே நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து குத்தி நிரப்பினோம். நனைக்காத செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பே இருக்காது. மேலே இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டு, மறுநாள் அந்த இடத்தில் பட்டி வைத்தோம். அது காய்ந்த பிறகு, விரல் தடவினால் மேடு பள்ளம் தெரியாத வரை உப்புத்தாள் போட்டோம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். பட்டியின் மேல் நேரடியாக பெயிண்ட் அடித்தால் அது உறிஞ்சிக்கொண்டு மங்கலான திட்டாக நிற்கும். பிரைமர் ஒரு கை அவசியம். நிறம் அதைவிடச் சிக்கல். டப்பாவில் இருக்கும் ஷேடு எண்ணைச் சொல்லி அதே பெயிண்டை வாங்கினாலும், நாலு வருஷம் வெளுத்த சுவரில் புதுசு தனியாகத் தெரியும். ஆகவே ஓட்டையின் மேல் மட்டும் தொட்டு வைக்காமல், அந்த ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை அடித்தோம். இரண்டு சுவர்கள் மூலையில் சேரும் இடத்தில் வெளிச்சம் மாறுவதால் நிற வித்தியாசம் கண்ணில் படாது.

வெள்ளையடிப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அதை ஓனர் கணக்கில்தான் வைக்கிறது. குடியிருப்பவர் செய்த சேதம் குடியிருப்பவர் கணக்கு. அதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் ஓனர் திருப்பித் தர வேண்டும். எனவே சாவியைக் கொடுக்கும் முன், ஓனரையும் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் விழாவிட்டால் அந்தச் சுவருக்காகப் பிடிக்க ஒன்றுமில்லை என்று அங்கேயே பேசி முடித்துவிடலாம்.