87ஆவது நாள்

இரவு 11:52. படுக்கையில் கிடந்தபடியே தியானச் செயலியில் மூன்று நிமிட அமர்வு ஒன்றை ஓடவிட்டேன். தலையணை ஓரத்தில் குரல் பாட்டுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவுக்குள் திரையில் வாழ்த்து வந்துவிட்டது: தொடர்ந்து 87 நாட்கள்!

அந்த எண் பொய் சொல்லவில்லை, வேறொன்றை அளக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அது பிறக்கும் விதம் எனக்குத் தெரியும். ஒலிப்பதிவு கடைசிவரை ஓடினால் சர்வருக்கு ஒரு செய்தி போகும். இன்றைய தேதியில் அப்படியொரு செய்தி இருந்தால் எண்ணில் ஒன்று கூடும். அவ்வளவுதான். மனம் அலைந்ததா, அலைந்ததைக் கண்டு திரும்பினீர்களா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள அங்கே கட்டமே கிடையாது. நிறுவனம் பார்க்கும் கணக்கு இன்னொன்று: முதல் நாள் வந்தவர்களில் எத்தனை பேர் 7ஆம் நாளும் 30ஆம் நாளும் வந்தார்கள், எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள். ஒருநாள் விட்டால் எல்லாம் பூஜ்யமாகிவிடுமே என்கிற பயம் அந்தக் கணக்குக்கு நன்றாகவே உதவுகிறது. பற்றைக் கவனிக்கக் கற்றுத்தர வந்த பொருள், புதிதாக ஒரு பற்றைத் தயாரித்து விற்கிறது.

"செயலியெல்லாம் ஏமாத்து, முகாமுக்குப் போ" என்று சொல்ல வரவில்லை. கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாமையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் இல்லை. ஒரு முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். போனைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் அங்கேயும் போதிப்பது பதிவுசெய்த குரல்தான். கோயங்கா 2013இல் காலமானார், குரல் இன்றும் ஒலிக்கிறது. வித்தியாசம் இரண்டு. அந்தக் குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கிறது. பக்கத்தில் ஓர் உதவி ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டு, மூச்சு தெரிகிறதா என்று கேட்கிறார்.

ஆக, செயலியில் நாம் சரிசெய்ய வேண்டியதும் இந்த இரண்டைத்தான். முதலில் நினைவூட்டல்களை அணையுங்கள், தொடர் எண்ணை மறைக்க வழியிருந்தால் மறையுங்கள். இரண்டு வாரம் வழிகாட்டும் குரலோடு உட்காருங்கள். அடுத்த இரண்டு வாரம் பேச்சு குறைந்த அமர்வுகள். அதன்பிறகு தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மணி மட்டும். வாரம் ஒருநாள் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். குரல் இல்லாமல் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றால், இதுவரை பழகியது கேட்பதற்கு மட்டுமே.

இணைய ஆசிரியருக்கும் ஒரு சோதனை உண்டு. "உட்கார்ந்தால் பயம் கூடுது, தூக்கம் போச்சு" என்று எழுதிப் பாருங்கள். இது சிலருக்கு நிஜமாகவே நடப்பதுதான். நல்லவர் விவரம் கேட்பார், கொஞ்சநாள் நிறுத்தச் சொல்வார், மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். வியாபாரி அடுத்த நிலை வகுப்பின் விலையைச் சொல்வார்.

88ஆவது நாள் செயலியைத் திறக்கவில்லை. மறுநாள் திரையில் பூஜ்யத்தைப் பார்த்ததும் நெஞ்சில் சின்னதாக ஒரு குத்தல். பத்து நிமிடம் உட்கார்ந்து அதைத்தான் கவனித்தேன்.