குழம்பில் கலக்கும் மாத்திரை

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பள நாள். பலருக்கு அதுவே குடிக்கும் நாளும்கூட. அவரைத் திருத்துவதாக எண்ணி, அவரறியாமல் குழம்பில் மாத்திரை கலக்கும் குடும்பங்கள் உண்டு. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம்.

மது ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறும். பின்னர் ஒரு நொதி அதைச் சிதைக்கும். அந்த நொதியை இம்மாத்திரை முடக்குகிறது. அதன்பின் குடித்தால் நச்சு தேங்கி, முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி இறக்கவும் கூடும். புதன்கிழமை நிறுத்தினாலும் சனிக்கிழமை ஆபத்து நீங்காது. விளைவு இரு வாரம் வரை நீடிக்கும். ஆகவே, சம்மதித்தவருக்கு மட்டுமே, அதுவும் கடைசியாகக் குடித்து 12 மணி நேரமேனும் கழிந்த பின்னரே இதைத் தர வேண்டும்.

பொருளியல் மொழியில் சொன்னால், டைசல்ஃபிராம் மதுவின் விலையை உயர்த்துகிறது, வேட்கையைத் தொடுவதில்லை. வேட்கையைத் தணிப்பது நால்ட்ரெக்சோன். வழக்கமாக நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை மறித்து, குடி தரும் இன்பத்தை அது மங்கச் செய்கிறது. இடையில் குடித்துவிட்டாலும் அந்த நச்சு விளைவு நேராது. ஈரல் கடுமையாகப் பழுதுற்றவருக்கு இது ஏற்றதன்று. அவர்களுக்கு அக்காம்ப்ரோசேட் உதவலாம், சிறுநீரகம் நன்றாக இயங்கினால்.

2003 முதல் தமிழகத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசே. மருந்தையும் அரசே எட்டும் தொலைவில் தரவேண்டும். வாரநாள் காலையில் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர் ஒருநாள் கூலியை இழக்கிறார். ஞாயிறு காலை அவருக்கு விடுமுறை. மனநல மருத்துவர் அன்று அமர்ந்தால் போதும்.