கொல்லிப்பாவை பேசட்டும்!

கொல்லிமலைக்கு ஒரு பாவை உண்டு. தெய்வம் சமைத்தது என்றனர். காற்று மோதினும், இடி முழங்கினும், நிலமே நடுங்கினும் எழில் குலையாது நிற்கும் என்றனர். கபிலர் பாடினார், பரணர் பாடினார். தலைவியின் அழகுக்கு உவமை வேண்டிய போதெல்லாம் புலவர் நெஞ்சம் இம்மலை ஏறிற்று. பின்வந்தோர், அவள் சிரித்தே கொல்வாள் என்று கதையும் கட்டினர். அவளைப் பற்றிப் பேசியவர் பலர். அவளைப் பேச விட்டவரைச் சங்கத் தொகை நூல்களில் நாம் காணவில்லை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறியபோது இந்நினைவே நம் நெஞ்சில் நின்றது. மலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நண்பர் அழைத்திருந்தார். மாணவர்க்கு வகுப்புப் புதினமாக அவர் தேர்ந்திருந்தது ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய ‘நாகம்மாள்’. கொங்கு நாட்டுச் சிற்றூரில், கணவனை இழந்த ஒருத்தி, கூட்டுக் குடும்பத்து நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பன் இணங்கவில்லை. மணியக்காரர் தூண்டுகிறார்; முரடன் கெட்டியப்பன் துணை நிற்கிறான்; முடிவில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் மாள்கிறான். கதை இவ்வளவே. ஆனால் தமிழ்ப் புதின உலகில் மண்ணின் மணத்தோடு வந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று.

நண்பர் கரும்பலகையில் எழுதிய வினா நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. “நாகம்மாளின் பண்பு நலன்களைக் கூறுக” என்று ஆண்டாண்டாய் அரைத்த மாவையே அவர் அரைக்கவில்லை. “நாகம்மாளுக்கு ஒரு சிறுமகள் உண்டு. அவளைப் பேசச் செய்க” என்று எழுதினார்.

உடன் வந்திருந்த முதிய புலவர் ஒருவர் முகம் சுளித்தார். “ஆசிரியன் எழுதாததை மாணவன் எழுதுவதா? இது நூலுக்கு இழைக்கும் தீங்கு! இது மேனாட்டார் விளையாட்டு!” என்றார்.

மேனாட்டார் விளையாட்டா? இராபர்ட்டு பிரௌனிங்கு 1842-இல் ஒரு கோமகனைப் பேச வைத்தார். சுவரில் படமாகத் தொங்கும் தன் இறந்துபோன மனைவியைப் பற்றி, வந்திருக்கும் தூதனிடம் அவன் பேசிக்கொண்டே போகிறான். பேசப் பேச, அவளை ஒழித்தவன் அவனே என்பது அவன் வாயாலேயே வெளிப்படுகிறது. தூதன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஒருவர் பேச, எதிரில் ஒருவர் கேட்க, ஒரு குறிப்பிட்ட வேளையில் அப்பேச்சு நிகழ, பேசுவோர் அறியாத உண்மையைப் படிப்போர் அறிந்துகொள்வதே அவ்வடிவம். புலவரே, இதற்கு நம்மவர் வைத்த பெயர் என்ன? கூற்று! தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று நீவிர் நாள்தோறும் நடத்தும் பாடமன்றோ அது? வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் கேட்கத் தோழி பேசுகிறாளே, அது வேறென்ன?

ஆயினும் நம் பழமையிலும் ஒரு பூட்டு இருந்ததை மறைப்பதற்கில்லை. களவிலும் கற்பிலும் பேசத் தக்கோர் இன்னின்னார் என்று தொல்காப்பியச் செய்யுளியல் பன்னிருவரை எண்ணி வைக்கிறது. ஊராரும் அயலாரும் சேரியாரும் தந்தையும் தமையனும் நேரே பேசுதல் இல்லை. அவர் சொன்னதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. குழந்தை அப்பட்டியலிலேயே இல்லை. அடியோரையும் ஏவல் செய்வோரையுமோ, அகத்திணையியல் நடுவில் அமர்ந்த ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது. இலக்கணத்தை நாம் பழிக்கவில்லை; அக்காலம் அப்படி. ஆனால் அந்தப் பூட்டை இன்றும் காவல் காப்பது எதற்கு என்றே கேட்கிறோம்.

‘எழுதாததை எழுதுவதா’ என்ற புலவர் கேள்வியில் மட்டும் ஒரு மெய் உண்டு. மனம் போனபடி எழுதினால் அது தீங்குதான். எனவே நண்பர் மாணவரை முதலில் எழுத விடவில்லை. சிறுமி வரும் இடங்களையெல்லாம் தேடிக் குறிக்கச் சொன்னார். அவள் எங்கே இருந்தாள், எதைக் கண்டாள், எது அவள் காதில் விழுந்திருக்கும் என்று ஏட்டின் ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார். மறுபக்கத்தில், அவள் அறிய வழியே இல்லாதவற்றை எழுதச் சொன்னார். மணியக்காரரின் உள்நோக்கம் அவளுக்குத் தெரியாது. தாய்க்கும் கெட்டியப்பனுக்கும் உள்ள உறவை ஊரார் எப்படிப் பேசினர் என்பதன் பொருள் தெரியாது. நிலத்தின் விலை தெரியாது. இரண்டாம் பக்கம் நிறைந்த பின்னரே, “இனி அவள் யாரிடம் பேசுகிறாள், எப்போது, எங்கே நின்று?” என்று கேட்டார். அதற்கு விடை கிடைக்காதவன் எழுதத் தொடங்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

கேட்போர் யார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தாயிடம் பேசினால் சிறுமி அழுவாள், அல்லது அஞ்சுவாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். சின்னப்பனின் மனைவி இராமாயியிடம் பேசட்டும் என்றாள் ஒரு மாணவி. கொலைக்கு மறுநாள், சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசட்டும் என்றாள். கதவு திறக்குமா, திறக்காதா? ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைக்கு அக்கதவு நேற்றுவரை சாத்தப்பட்டதில்லை. வகுப்பு எழுதியவற்றைக் கூட்டிச் செப்பனிட்டுக் கரும்பலகையில் எழுதியபோது அது ஏறத்தாழ இப்படி அமைந்தது:

“சின்னம்மா, நான்தான். கதவைத் தொறக்க மாட்டியா? அம்மா உள்ளே வரச் சொல்லலே, நானாத்தான் வந்தேன். சித்தப்பாவோட செருப்பு திண்ணையிலே கெடக்குது, எடுத்து வைக்கட்டுமா? பங்கு பங்குன்னு எல்லாரும் பேசறப்போ, அது திங்கற பண்டம்னு நெனச்சேன் சின்னம்மா. முறுக்கைப் பிட்டா எனக்குப் பாதி உனக்குப் பாதின்னு குடுப்பியே, அந்த மாதிரி. யாரும் எங்கிட்ட வேணுமான்னு கேக்கலே. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இப்போ வேண்டாம்னு சொன்னா ஆகாதா? சின்னம்மா, நீ உள்ளே இருக்கேல்ல? மூச்சு விடறது கேக்குது.”

புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதே வகுப்பில் வேறொரு மாணவனும் எழுதியிருந்தான். அவன் சிறுமி, “ஏ, சமுதாயமே! பெண்ணுக்குப் பங்கில்லையா? பகுத்தறிவு மாண்டதா?” என்று முழங்கினாள். கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டியிருப்போம், மேடையில் கேட்டிருந்தால். ஆனால் இது மேடையன்று. அச்சிறுமிக்கு அச்சொற்கள் தெரியா. அடுக்குமொழியை அவள் வாயில் திணித்தபோது, பேசியது அவளல்லள், நாம். வாய் திறவாதவளை வாய் திறக்க வைப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவள் வாய்க்குள் நம் ஒலிபெருக்கியை வைத்துவிட்டோம். நம் இயக்க எழுத்தாளர் பலர்க்கும் வாய்த்த நோய் இது, நமக்கும் உண்டு. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கூற்றிலிருந்து பேசுவோர் பெயரை அடித்துவிட்டு, வேறு எவர் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பாருங்கள். பொருந்தினால், அது கூற்றன்று, சொற்பொழிவு.

சிறுமி அறியாத சட்டத்தைப் படிப்போர் அறிந்திருந்தால் கூற்று இன்னும் எரிக்கும். பெண்ணுக்கும் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் செய்தது 1929-இல். கூட்டுக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கு உண்டு என்று ஒரு சட்டம் வந்தது 1937-இல். நாகம்மாளுக்கு அது போதாதா? போதாது! வேளாண்மை நிலம் மாகாணங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகையால் மாகாணங்களில் உள்ள அந்நிலத்திற்கு இச்சட்டம் செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி அதை வயற்காட்டுக்கும் விரித்தது 1947-இல்தான். நாகம்மாள் அச்சேறிய 1942-இல், ஓட்டு வீட்டில் பங்கு கேட்கலாம். உழுத காட்டில் கேட்க முடியாது! ஊர் அவளை அடங்காப்பிடாரி என்று தூற்றியது. அவள் தடியை நம்பியது தவறே. ஆனால் நம்புவதற்கு அவள் கையில் சட்டம் இல்லை என்பதை எந்த வினாத்தாள் கேட்டது? அவள் மகளைப் போன்ற பெண்மக்களுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்ததோ 1989-இல்.

வகுப்பு முடியும் வேளையில், கதவுக்கு வெளியே பேசட்டும் என்ற அதே மாணவி எழுந்தாள். “ஐயா, இப்போ அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டுங்களா?”

“உண்டு” என்றோம்.

“எங்களுக்குங்களா?”

நண்பர் நம்மைப் பார்த்தார். இங்கு வாழும் மலையாளி மக்கள் அட்டவணைப் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 2ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு, நடுவணரசு அறிவிக்கை செய்தாலன்றிப் பழங்குடியினர்க்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் அதற்குள் செருகப்பட்டதே. ஆகவே மலைப் பெண்ணின் பங்கை வழக்கம் முடிவு செய்கிறது. அந்த வழக்கத்தை ஆடவர் சொல்கின்றனர். இதை மாற்ற எண்ணிப் பார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் நடுவணரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் மெய்ப்பிக்கப்படாதவிடத்துப் பழங்குடிப் பெண்ணின் வழிவந்தோர்க்கும் சமப் பங்கு உண்டு என்றது. அதாவது, அவள் வழக்காட வேண்டும். எழுபது வளைவுகள் இறங்கி, படி ஏறி, வழக்கறிஞர் பிடித்து!

இவற்றை எளிய சொற்களில் சொன்னோம். அவள் உட்பிரிவின் எண்ணை ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு புலவர் பக்கம் திரும்பினாள்.

“எங்க அத்தை எந்தக் கதையிலும் இல்லீங்களே. அவங்களுக்குக் கூற்று எழுதலாங்களா?”

“அவள் எங்கே நின்றாள், எதைக் கேட்டாள் என்பது உனக்குத் தெரியுமா?” என்றார் புலவர்.

“தெரியுங்க.”

“எழுது” என்றார்.