எந்த யூனிட்டை விடலாம்?

ஸ்டடி ஹாலிடேஸ் ஆரம்பிச்சதும் ஹாஸ்டல் வராண்டால அதிகமா கேக்குற கேள்வி, "மச்சி, எந்த யூனிட்டை விடலாம்?" அண்ணா பல்கலைக்கழக கொஸ்டின் பேப்பரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

எம்3-ஐயே எடுத்துக்குங்க. பார்ட் ஏ-ல யூனிட்டுக்கு ரெண்டு 2 மார்க், பார்ட் பி-ல யூனிட்டுக்கு ஒரு 16 மார்க். ஆக ஐந்து யூனிட்டுக்கும் சரிசமமா 20. 'சாய்ஸ் இருக்கே' என்பீர்கள். அந்த "அல்லது" ஒரே யூனிட்டுக்குள்ளதான் வரும். மூணாவது யூனிட்டை விட்டுட்டு, ரெண்டாவதுல ரெண்டு கேள்வி எழுதி ஈடுகட்ட முடியாது.

வெயிட்டேஜ் சமம்னா, நேரத்தைப் பிரிக்க வேண்டியது உங்க வீக் ஏரியாதான். அதை மனசுல கேட்காதீங்க, மனசு பொய் சொல்லும். பழைய பேப்பர்ல யூனிட்டுக்கு ஒரு 16 மார்க், நோட்டைத் திறக்காம, அரை மணி நேரத்துல எழுதிப் பாருங்க.

ஒருத்தருக்கு வரிசையா 8, 12, 3, 6, 11 வருதுன்னு வைப்போம். விட்ட மார்க் 8, 4, 13, 10, 5. மொத்தம் 40. கையில 20 மணி நேரம் இருந்தா, முதல்ல யூனிட்டுக்கு 2 மணி நேரம் கட்டாயம். மிச்சம் 10 மணி நேரத்தை, விட்ட 4 மார்க்குக்கு ஒரு மணி நேரம்னு பிரிங்க. மூணாவது யூனிட்டுக்கு ஐந்தே கால் கிடைக்கும், ஃபோரியர் சீரிஸுக்கு மூணு.

இதோட டைம்டேபிளை சுவத்துல ஒட்டிடாதீங்க. எத்தனை மார்க் போச்சு என்பதைவிட எந்த ஸ்டெப்ல நின்னீங்க என்பது முக்கியம். இழுத்துக் கட்டின கம்பி கணக்குல பவுண்டரி கண்டிஷன் எல்லாம் போட்டு, கடைசியா Bn கண்டுபிடிக்கும்போது நின்னீங்கன்னா, அது ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ். அதாவது கோளாறு ரெண்டாவது யூனிட்ல. மூணாவதுல இருந்து ஒரு மணி நேரத்தை அங்க மாத்தி, அதை முதல் நாளே முடிங்க. இசட் டிரான்ஸ்ஃபார்ம்ல பார்ஷியல் ஃபிராக்‌ஷன் தடுக்குதுன்னா, அது ஸ்கூல் கணக்கு. அரை மணி நேரம் போதும், யூனிட்டை முதல்ல இருந்து புரட்ட வேணாம்.

ரெண்டே நாள்தான் மிச்சம்னா இந்தப் பங்கீடு செல்லாது. பாஸாக யூனிவர்சிட்டி எக்ஸாம்ல மட்டும் குறைஞ்சது 45 வேணும், இன்டர்னலோட சேர்த்து 50. அப்போ தலைகீழா போங்க: 12, 11 வந்த யூனிட்டை முதல்ல உறுதியாக்குங்க, அடுத்து 8 வந்தது. 3 வந்த யூனிட்ல 2 மார்க் கேள்விகளை மட்டும் பாருங்க.