வேலை தேடும் பதிவில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

உயர்தரத்தையும் அதன்பின் ஒரு தொழில்சார் கற்கையையும் முடித்த எமது பிள்ளைகள் பலர் இப்போது லிங்க்ட்இன்னிலோ முகநூலிலோ "நான் வேலை தேடுகிறேன்" என்று ஒரு பதிவு இடுகிறார்கள். அது வட்ஸ்அப் குழுக்களில் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்து சேர்கிறது. இக்கல்லூரியின் பழைய மாணவியாகிய நான் கண்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் கடமையாற்றுகிறேன். அங்கே உதவியாளர் தேவைப்படும்போது விண்ணப்பங்களை முதலில் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. இப்பதிவுகளை வாசித்து வாசித்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டுவிட்டது. இவற்றில் ஆளைப் பற்றி மிகக் கூடுதலாகவும் வேலையைப் பற்றி மிகக் குறைவாகவும் எழுதப்படுகிறது. அது நேர்மாறாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு இதில் ஒரு தயக்கம் இருப்பதை அறிவேன். "பொம்புளப் புள்ள ஊரெல்லாம் பார்க்க வேலை கேட்கிறதா?" என்று கேட்காத வீடு குறைவு. அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பதிவு வேண்டாம் என்று தடுக்கும் அதே வீட்டில், பிள்ளையின் சுயவிபரக் கோவையைப் படம்பிடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது மாறி விளங்கப்பட்டிருக்கிறது.

என் சாச்சியின் மகளுடைய பதிவையே உதாரணமாக எடுக்கிறேன். அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். அவள் அக்குறணையில் வசிக்கிறாள். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்து, ஏ.ஏ.டி. பரீட்சைகளையும் முடித்து, ஊரிலுள்ள ஒரு புடவைக்கடையில் ஒன்றரை வருடம் கணக்கு வேலை பார்த்தாள். அவள் முதலில் இட்ட பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அன்பான நண்பர்களே, நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்வேன், குழுவாக இயங்கக் கூடியவள். பொருத்தமான எந்த வேலையும், எந்த இடமும் சம்மதம். தயவுசெய்து பகிருங்கள்." கீழே சுயவிபரக் கோவையின் படம். அதில் முழுப்பெயர், வீட்டு விலாசம், தேசிய அடையாள அட்டை இலக்கம், வாப்பாவின் பெயர், கைத்தொலைபேசி இலக்கம், புகைப்படம், போதாக்குறைக்கு அவளுக்குக் கற்பித்த இரண்டு ஆசிரியைகளின் தொலைபேசி இலக்கங்களும்.

விருப்பக்குறிகள் நிறையக் கிடைத்தன. வேலை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாட்களுக்குள் வந்த செய்திகளில் ஒன்று வீட்டிலிருந்தே நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் உழைக்கலாம் என்றது. இன்னொன்று வெளிநாட்டு வேலை என்று சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்டது. மற்றவை வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவை.

"எந்த வேலையும் எண்டு போட்டாத்தானே தாத்தா நெறைய பேர் கேப்பாங்க?" என்றாள். எமது வீடுகளில் இப்படித்தான் வளர்க்கப்படுகிறோம். இதுதான் வேண்டும் என்று கேட்பது பெருமை, கிடைப்பதை ஏற்பது பணிவு. விருந்துக்குப் போன வீட்டில் அது சரி. வேலை தேடும் பதிவில் அந்தப் பணிவு வாசிப்பவர் தலையில் ஒரு சுமையை ஏற்றுகிறது. இவள் எதற்குப் பொருத்தம் என்பதை அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. யாருக்கும் அதற்கு நேரம் இல்லை.

இப்பதிவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோரிடம் கொடுப்பதற்கு வேலை இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் இருக்கலாம். ஆகவே பதிவின் உண்மையான வாசகர் முதலாளி அல்ல, அதை இன்னொருவருக்குக் கடத்துபவர்தான். நான் வைக்கும் சோதனை ஒன்றே. உங்கள் பதிவை இன்று பார்த்த ஒருவர், நாளை ஒரு கடையிலோ கல்யாண வீட்டிலோ அதை ஒரே வசனத்தில் திருப்பிச் சொல்ல முடியுமா? "அக்குறணையில ஒரு புள்ள, ஏ.ஏ.டி. முடிச்சது, கண்டிப் பக்கம் கணக்கு வேலை தேடுது" என்பதை எவரும் சொல்லலாம். "கடின உழைப்பாளி ஒருத்தி ஏதோ வேலை தேடுகிறாள்" என்பதை யாரும் ஞாபகம் வைக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் பதவியின் பெயரை எழுதச் சொன்னேன், அதுவும் வேலை விளம்பரங்களில் எப்படி வருகிறதோ அப்படியே. ஆட்களைத் தேடுபவர்கள் அந்தச் சொற்களைத் தட்டச்சுச் செய்துதான் தேடுகிறார்கள். அவளுக்குப் பொருந்துவது Accounts Assistant, அல்லது கணக்காய்வு நிறுவனங்களில் Audit Trainee. லிங்க்ட்இன்னில் Open to work என்ற வசதியில் ஐந்து பதவிப் பெயர்கள் வரை கொடுக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு போதும் என்பது என் அபிப்பிராயம். கணக்கு உதவியாளர், வரவேற்பாளர், ஆசிரியை என்று மூன்று திசையில் எழுதினால் மூன்றிலுமே அரைமனது என்றுதான் வாசிப்பவருக்குத் தோன்றும்.

அடுத்தது திறமை. இங்கேதான் அதிக நேரம் செலவழித்தோம். "எம்.எஸ். ஒபிஸ் தெரியும்" என்று எழுதியிருந்தாள். அதை எழுதாத ஒரு விண்ணப்பத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கடையில் உண்மையில் என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். முதலில் "சும்மா கணக்குத்தான்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மாத முடிவில் வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிட்டு வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்திருக்கிறாள். பதினொரு ஊழியர்களின் சம்பளப் பட்டியலைச் செய்திருக்கிறாள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம் என்று கணித்து, அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தவேண்டிய பணத்தை ஒரு மாதமும் தவறாமல் அனுப்பியிருக்கிறாள்.

இது சும்மா கணக்கு அல்ல. சேமலாப நிதி பிந்தினால் முதலாளி மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே "தவறாமல் அனுப்பினேன்" என்ற ஒரு வசனம் எந்தக் கணக்காளரின் கண்ணிலும் படும். திறமையை எழுதும்போது இயல்பை வர்ணிக்காமல், செய்த வேலையை அதன் அளவோடு எழுத வேண்டும். "பொறுப்பானவள்" என்று நீங்களே சொல்ல வேண்டியதில்லை, பதினொரு பேரின் சம்பளப் பட்டியல் அதைச் சொல்லிவிடும். இதுவரை வேலையே பார்க்காத பிள்ளையும் இப்படி எழுதலாம். பாடசாலைச் சங்கமொன்றின் பொருளாளராக இருந்து வருட இறுதியில் கணக்கறிக்கை சமர்ப்பித்தது ஒரு வேலைதான்.

இடம் பற்றி "எங்கும்" என்று எழுதுவது பெரும்பாலும் உண்மையாகவும் இருப்பதில்லை. கொழும்பிலிருந்து அழைப்பு வந்தால் வாப்பா அனுப்புவாரா, தங்குவது எங்கே என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வீட்டில் தொடங்குகிறது. நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்த பின்னர் "வீட்டில் விருப்பமில்லை" என்று சொன்ன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அடுத்த முறை அந்த இடத்தில் எமது பிள்ளைகளின் பெயர் வரும்போதே தயங்குகிறார்கள். இந்தப் பேச்சை பதிவுக்கு முன்னரே பேசிவிட வேண்டும். சாச்சியும் சாச்சாவும் அவளும் ஒரு மாலை இருந்து பேசினார்கள். மாத்தளை வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, கட்டுகஸ்தோட்டையும் கண்டி நகரும் போய்வரலாம். கொழும்பு நிறுவனமெனில் வீட்டிலிருந்து செய்யும் வேலை மட்டும். இந்த எல்லையை அப்படியே எழுதினோம்.

திருத்திய பதிவு இது. ஆங்கிலத்தில் இட்டதைத் தமிழில் தருகிறேன்:

"கண்டி அல்லது கட்டுகஸ்தோட்டையில் Accounts Assistant அல்லது Audit Trainee வேலை தேடுகிறேன். ஏ.ஏ.டி. பரீட்சைகளை முடித்துள்ளேன். ஒரு சில்லறை வியாபார நிறுவனத்தில் ஒன்றரை வருடம் வங்கிக் கணக்கிணக்கம், பதினொரு ஊழியர்களின் சம்பளப் பட்டியல், சேமலாப நிதி மற்றும் நம்பிக்கை நிதிக் கொடுப்பனவுகள் ஆகியவற்றை மாதாந்தம் செய்துள்ளேன். தமிழ், சிங்களம் பேசவும் எழுதவும் முடியும்; ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவேன். அக்குறணையிலிருந்து தினமும் வரலாம். கொழும்பெனில் வீட்டிலிருந்தபடி மட்டும். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து சேரலாம். சுயவிபரக் கோவையை மின்னஞ்சலில் கேட்டால் அனுப்புவேன்."

லிங்க்ட்இன்னில் ஒரு பதிவின் தொடக்க வரிகள் சில மட்டுமே முதலில் தெரியும், மீதியைப் பார்க்க ஒருவர் அழுத்த வேண்டும். பதவியையும் ஊரையும் முதல் வரியிலேயே வைத்ததற்குக் காரணம் அதுதான்.

இனி, சொல்லாமல் விட்டவை. அடையாள அட்டை இலக்கத்தை வெறும் எண்ணாக நினைக்கிறோம். பன்னிரண்டு இலக்கங்களுள்ள புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது, பெண்ணெனில் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2003545 என்று தொடங்கினால், 2003ஆம் ஆண்டின் 45ஆம் நாளான பெப்ரவரி 14இல் பிறந்த ஒரு பெண். இதனுடன் விலாசமும் தொலைபேசி இலக்கமும் தந்தையின் பெயரும் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாக எவரும் நம்பும்படி பேசலாம். வேலைக்கு எடுக்கும் நாளில் நிறுவனம் இவற்றையெல்லாம் கேட்கும், அப்போது கொடுக்கலாம். ஆசிரியைகளின் இலக்கங்களை அவர்களைக் கேட்காமல் ஊருக்கு அறிவிக்கவும் எமக்கு உரிமை இல்லை. புகைப்படம் இல்லாவிட்டால் கணக்கு போலியோ என்று சிலர் சந்தேகிப்பார்கள்தான். படித்த இடமும் வேலை செய்த அனுபவமும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் நீங்கும். கணக்கு வேலைக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய எனக்கு ஒருபோதும் படம் தேவைப்பட்டதில்லை.

நானாவின் கணக்கிலிருந்து "என் தங்கைக்கு வேலை தேவை" என்று இடுவதைச் சில வீடுகளில் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. வேலை விபரம் கேட்டு எடுத்தால் நானா பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறார். இரண்டாம் முறை யாரும் எடுப்பதில்லை. இதற்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று திறந்து, வரும் பதில்களை வாப்பாவோ உம்மாவோ அவளுடன் சேர்ந்து வாசிக்கட்டும்.

இரண்டாவது பதிவுக்கு விருப்பக்குறிகள் பாதிகூட இல்லை. நான்கு பதில்கள் வந்தன. அதில் ஒன்று மறுபடியும் கட்டணம் கேட்ட கூட்டம். ஆனால் இம்முறை இனங்காண்பது இலகுவாக இருந்தது. அவள் கணக்கு வேலை என்று எழுதியிருக்க, வந்த செய்தியில் பதவியின் பெயரே இல்லை, நிறுவனத்தின் விலாசமும் இல்லை. மற்ற மூன்றும் பதவியையும் இடத்தையும் சொல்லித் தொடங்கியிருந்தன. ஒன்று அவளுடைய பழைய வகுப்புத் தோழியின் மாமா மூலம் வந்தது. அவர் அந்தப் பதிவைப் பார்க்கவே இல்லை, யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அந்த அலுவலகம் கட்டுகஸ்தோட்டையில் இருந்தது. எழுத்துப் பரீட்சையாக ஒரு வங்கிக் கணக்கிணக்கத்தையே கொடுத்தார்கள். இப்போது மூன்று மாதப் பயிற்சிக் காலத்தில் இருக்கிறாள்.

வேலை கிடைத்த அன்றே லிங்க்ட்இன் அறிவிப்பை நிறுத்தச் சொன்னேன். முகநூலில் இட்டதையும் நீக்கினாள். வட்ஸ்அப்பில் போனதைத் திருப்பி எடுக்க முடியாது, அது இன்னும் ஏதோ ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் அடுத்து எழுதுபவர்களிடம் பதிவின் கடைசி வரியில் திகதியையும் போடச் சொல்கிறேன்.