குந்தி இறங்கியும் 15.266 எப்படி? ஜிம்னாஸ்டிக்ஸ் மதிப்பெண் கணக்கு

ஒலிம்பிக் வந்தாலே ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒருவர் அம்சமாகத் தாவி, ஆடாமல் அசையாமல் இறங்குகிறார். இன்னொருவர் தடுமாறி, கிட்டத்தட்ட உட்கார்ந்தே விடுகிறார். ஆனால் தடுமாறியவருக்கு மதிப்பெண் கூடுதல். "இதென்னங்க நியாயம்?" என்று தோன்றும். இதற்கு விடை தெரிந்துகொள்ள 2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிச் சுற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்ட போட்டி அது.

ஒருகாலத்தில் எல்லாமே 10-க்குள் அடங்கியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆல்ரவுண்ட் போட்டி முடிவைச் சுற்றி பெரிய சர்ச்சை வெடித்தது. 2006 முதல் மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். என்ன செய்தாய் என்பதற்கு ஒன்று, அது டி-ஸ்கோர். எப்படிச் செய்தாய் என்பதற்கு ஒன்று, அது இ-ஸ்கோர். இரண்டையும் கூட்டினால் மொத்தம்.

வால்ட்டில் டி-ஸ்கோர் தாவுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் விதிப்புத்தகத்தில் ஒரு விலை அச்சடித்திருக்கும். இ-ஸ்கோர் 10-ல் ஆரம்பித்து, தவறுக்குத் தவறு குறையும். சின்னத் தவறு 0.1, நடுத்தரம் 0.3, பெரியது 0.5. விழுந்தால் 1.0 போய்விடும். ரியோவில் 5 நடுவர்கள் இ-ஸ்கோர் போட்டார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று நீக்கிவிட்டு, நடுவில் உள்ள மூன்றின் சராசரியை எடுத்தார்கள். 8.266, 8.866 என்று மூன்று இலக்கத்தில் மதிப்பெண் வருவதற்குக் காரணம் இதுதான். இறுதிச் சுற்றில் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு தாவல்களைச் செய்ய வேண்டும். இரண்டின் சராசரிதான் முடிவு.

தீபாவின் முதல் தாவல் சுக்காஹாரா வகை. டி-ஸ்கோர் 6.0, இ-ஸ்கோர் 8.866, மொத்தம் 14.866. இரண்டாவதுதான் அந்தப் பேர்போன புரோடுனோவா. 1999-ல் இதைச் செய்துகாட்டிய ரஷ்ய வீராங்கனை யெலேனா புரோடுனோவாவின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். ஓடிவந்து, மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, உடலைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கமாகவே இரண்டு குட்டிக்கரணம் அடித்து இறங்க வேண்டும். முன்னோக்கிச் சுற்றும்போது தரை கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். சுற்று போதாமல் போனால் முதுகிலோ கழுத்திலோ விழலாம். பாதம் முதலில் தரையைத் தொடாவிட்டால் அந்தத் தாவலுக்குப் பூஜ்யம். இதை 'மரண வால்ட்' என்று சும்மா சொல்லவில்லை.

இவ்வளவு ஆபத்துக்கு என்ன கூலி? அன்றைய விதிப்படி டி-ஸ்கோர் 7.0. சிமோன் பைல்ஸ் போன்றவர்கள் செய்த அமனார் தாவலுக்கு 6.3, செங் தாவலுக்கு 6.4. அதாவது ஓட ஆரம்பிக்கும்போதே தீபா 0.6, 0.7 புள்ளி முன்னால் இருந்தார்.

தாவலின் முடிவில் தீபா ஆழமாகக் குந்தி, இடுப்பு மெத்தையை உரசுகிற மாதிரி இறங்கினார். ஆனாலும் எழுந்து நின்றுவிட்டார். இ-ஸ்கோர் 8.266, மொத்தம் 15.266. இரண்டு தாவலின் சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் எடுத்தது 15.216. தங்கம் வென்ற பைல்ஸ் 15.966.

புரோடுனோவாவைத் தேர்ந்தெடுத்தது தப்பா?

அன்று பலரும் கேட்ட கேள்வி இது. கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஸ்டைன்க்ரூபரைத் தாண்ட, தீபாவுக்கு இரண்டாவது தாவலில் ஏறத்தாழ 15.57 தேவைப்பட்டது. 6.0 மதிப்புள்ள தாவலைத் தேர்ந்தெடுத்திருந்தால் இ-ஸ்கோர் 9.57 வாங்கியிருக்க வேண்டும். முதல் தாவலில் 8.866 எடுத்தவருக்கு அது எட்டாக் கனி. புரோடுனோவாவில் 8.57 போதும். கிடைத்தது 8.266, குறைந்தது வெறும் 0.3. ஆழமான குந்தலுக்கு விதிப்படி 0.5 வரை வெட்டு விழும். கொஞ்சம் நிமிர்ந்து இறங்கியிருந்தால் பதக்கம் கைக்கு வந்திருக்கும்.

ஆகவே அது அசட்டுத் துணிச்சல் அல்ல. சுத்தமாக இறங்குவதில் மேல்வரிசை நாடுகளோடு போட்டிபோட முடியாத ஒருவருக்குப் பதக்கத்துக்கு இருந்த ஒரே வழி அது. ஆனால் அந்த வழியும் குறுகலானது. அதே இறுதிச் சுற்றில் 41 வயது ஒக்சானா சுசோவிட்டினாவும் புரோடுனோவா செய்தார். நிற்க முடியாமல் முன்பக்கம் உருண்டுவிட்டார், 7-ஆம் இடம்தான் கிடைத்தது.

இங்கே டைவிங்கோடு ஒரு வித்தியாசம் இருக்கிறது. டைவிங்கில் கடினத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். 7 நடுவர்களில் மேலே இரண்டையும் கீழே இரண்டையும் நீக்கி, மீதி மூன்றைக் கூட்டி, கடின எண்ணால் பெருக்குவார்கள். டோக்கியோவில் 14 வயது குவான் ஹோங்சான் 3.2 கடினமுள்ள தாவலுக்கு முழு 10 வாங்கினார். 30 பெருக்கல் 3.2, ஆக 96. பெருக்கல் என்பதால், கடினமான தாவலில் செய்கிற தவறு இன்னும் வலிக்கும். எவ்வளவு கடினமான தாவலாக இருந்தாலும் சொதப்பினால் அந்தக் கடினம் காப்பாற்றாது. ஜிம்னாஸ்டிக்ஸில் அப்படியில்லை. டி-ஸ்கோர் தனியாக நிற்கும், விழுந்தாலும் அது குறையாது. தடுமாறிக்கொண்டே கடினமான தாவலைச் செய்கிறவர்களுக்கு இந்த முறைதான் தைரியம் கொடுக்கிறது.

இதை சர்வதேசக் கூட்டமைப்பும் கவனிக்காமல் இல்லை. 2017 விதிகளில் தாவல்களின் விலையைக் குறைத்தார்கள். புரோடுனோவா 7.0-லிருந்து 6.4-க்கு இறங்கியது. அமனார் 5.8, செங் 6.0. எல்லாம்தானே குறைந்தது, என்ன பெரிய மாற்றம் என்று கேட்கலாம். இடைவெளியைப் பாருங்கள். செங்கைவிட 0.6 முன்னால் இருந்த புரோடுனோவா 2017 விதிகளில் 0.4 மட்டுமே முன்னால் இருந்தது. குந்தி இறங்கினால் போவது 0.5. அதாவது தீபா ரியோவில் இறங்கிய மாதிரி இறங்கினால், சுத்தமான செங் தாவலிடம் தோற்றுவிடும். கழுத்தைப் பணயம் வைப்பதற்கு 0.4 மிகச் சொற்பமான கூலி.

விலை நிர்ணயத்தை வைத்து வீராங்கனைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்பதற்கு பைல்ஸே இன்னொரு சாட்சி. காலை மடக்காமல் பின்பக்கமாக இரட்டைக் குட்டிக்கரணம் அடிக்கும் அவருடைய தாவலுக்கு 2022 விதிப்புத்தகத்தில் 6.4. செங்குக்கு 5.6. அவர் தப்பாக இறங்கினால் பிடித்துக்கொள்ள 2023 உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் பயிற்சியாளர் லோரன் லாண்டி மெத்தையிலேயே நின்றார். அப்படி நிற்பதற்கு 0.5 அபராதம். அதையும் கழித்து பைல்ஸ் வாங்கியது 15.266. 6.4-ல் 0.5 போனாலும் 5.9, செங்கைவிட 0.3 கூடுதல். பாதுகாப்புக்குக் கட்டணம் கட்டிய பிறகும் அவர் முன்னால்தான் இருந்தார். 2024 பாரிஸ் இறுதிச் சுற்றில் அதே தாவலுக்கு அவருக்குக் கிடைத்தது 15.700.