சாலிக் குழாய் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

சாலி முறையில் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆசிட் ஹெமாட்டின் என்ற பழுப்புப் பொருளாக மாற்றுகிறது. குழாயில் 20 என்ற சதவீதக் கோடு வரை டெசிநார்மல் அமிலம் ஊற்றி, பிப்பெட்டில் 20 மைக்ரோலிட்டர் இரத்தம் எடுத்து அதில் விடவேண்டும். கலக்கிப் பத்து நிமிடம் வைத்தபின், காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கம்பேரேட்டரின் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துவரும் மட்டத்தைப் படிக்க வேண்டும்.

களத்தில் பெரும்பாலும் தவறுவது அந்தப் பத்து நிமிடம்தான். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது மூன்றாம் நிமிடத்திலேயே நீர் சேர்த்துவிடுகிறார்கள். நிறம் முழுதாக உருவாகியிருக்காது. கொஞ்ச நீரிலேயே கண்ணாடியின் நிறம் வந்துவிடும். நீர் பட்டதும் அமிலமும் மெலிந்துபோவதால், பிறகு காத்திருந்தும் பெரிய பயனில்லை. ஒரே விரல் இரத்தத்தை இரு குழாய்களில் வைத்து, ஒன்றை மூன்றாம் நிமிடத்திலும் மற்றதைப் பத்தாம் நிமிடத்திலும் படித்தால் 9.2, 10.2 என்பது போன்ற வேறுபாடு வரக்கூடும். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு இதேபோல் குறையும்.

எதிர்த்திசையில் இழுக்கும் பிழைகளும் உண்டு. பிப்பெட்டின் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விட்டால் கூடுதல் இரத்தம் சேரும். இரத்தம் கோட்டுக்கு மேல் ஒரு மைக்ரோலிட்டர் ஏறினாலே அளவு 5 சதவீதம் கூடிவிடும். ஒரு சொட்டு நீர் அதிகமானால் திரும்ப வழியில்லை. வெளிறிப்போன கண்ணாடி இன்னும் மோசமானது, ஏனென்றால் அது ஒவ்வொரு நோயாளியின் அளவையும் உயர்த்திக் காட்டும், யாருக்கும் சந்தேகமும் வராது. ஆய்வகத்தில் அன்றே அளந்த இரத்தத்தைக் குழாயிலும் அளந்து ஒப்பிட்டால்தான் அது தெரியவரும். பிறந்த குழந்தைக்கு இந்த முறையே பொருந்தாது. கருக்கால ஹீமோகுளோபின் அமிலத்தில் எளிதில் மாறுவதில்லை.

கவனமாகச் செய்தாலும் பத்து சதவீத அளவுக்குப் பிழை இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு கர்ப்பிணிக்கு 5.8 வந்தால் உண்மை அளவு ஏறக்குறைய 5.2க்கும் 6.4க்கும் இடையில் இருக்கும். கடுமையான சோகைக்கான எல்லை 7. எப்படிப் பார்த்தாலும் அவர் அதற்குக் கீழே. அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பலாம், குழாயை நம்பலாம். 7.4 வந்தவருக்கு நிலைமை வேறு. அவரது அளவு 6.7 ஆகவும் இருக்கலாம், 8.1 ஆகவும் இருக்கலாம். அவரைக் கடுமையான சோகை உள்ளவராகவே கருதி, ஆய்வக முடிவு வரும்வரை விட்டுவிடாமல் கவனிக்க வேண்டும். 10.2 வந்தவரின் வீச்சுக்குள்ளும் 11 என்ற எல்லை விழுகிறது. அவருக்குச் சோகை இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்லலாம்.

மாத்திரை பலன் தருகிறதா என்று பார்க்க இந்தக் குழாய் உதவாது. ஒரு மாதத்தில் 9.0 என்பது 9.6 ஆனால் அது இரத்தம் ஊறியதாலும் இருக்கலாம், இம்முறை ஒரு சொட்டு நீர் கூடியதாலும் இருக்கலாம்.